"போடப் போட இளகிரும்" என்று சொல்லி விற்கும் கிளவுஸ்: வாங்குமுன் இதைப் படியுங்கள்

நெல்லை வட்டாரத்தில் பட்டறைக்கோ, குளிர்நாட்டுக்குப் போகிற பிள்ளைக்கோ கிளவுஸ் வாங்கப் போகிறீர்களா? "இப்ப இறுக்கமாத்தான் இருக்கும், போடப் போட இளகிரும்" என்று கடைக்காரர் சொன்னால் பணத்தை எடுக்காதீர்கள். அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியில்தான் என் பணம் போனது. கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் என்ன செய்தார்கள், அதை எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்பதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பேட்டையில் கிரில், கேட், தகரக் கூரை வேலை செய்கிற பட்டறை. பையன்களுக்கு மூன்று டஜன் கிளவுஸ் வேண்டியிருந்தது. உள்ளங்கையில் நைட்ரைல் பூசிய பின்னல் வகை. அதே சமயம் என் அக்கா மகன் மேல்படிப்புக்கு ஜெர்மனி கிளம்பிக்கொண்டிருந்தான். ஜனவரியில் அங்கே பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்பதால் அவனுக்கு உள்ளே பஞ்சு வைத்த தோல் கிளவுஸ் ஒரு ஜோடி. ஜங்ஷன் பக்கம் இருக்கும் ஒரு பாதுகாப்புச் சாமான் கடையில் இரண்டுமே வரவழைத்துத் தருவதாகச் சொன்னார்கள். ஒவ்வொருவர் கையையும் அளந்து, எந்த சைஸில் எத்தனை ஜோடி என்று வாட்ஸ்அப்பில் எழுதியே அனுப்பினேன்.

அளந்த முறையைச் சொல்லிவிடுகிறேன். தையல்காரர் வைத்திருக்கும் துணி டேப் போதும். எந்தக் கையால் வேலை செய்கிறோமோ அந்தக் கையை அளக்க வேண்டும், அதுதான் பெரும்பாலும் கொஞ்சம் பெரிதாக இருக்கும். விரல்களைச் சேர்த்து நீட்டிக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் விரல் பக்கமாகத் தள்ளி, கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி டேப்பை ஓட்ட வேண்டும். தோலில் பதியலாம், அழுத்தக் கூடாது. இது சுற்றளவு. அப்புறம் மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை நீளம். நம்ம ஊர் வெயிலில் மத்தியானம் கை லேசாக வீங்கித்தான் இருக்கும், அதனால் காலையில் அளப்பது நல்லது.

ஐரோப்பாவில் முன்பு இருந்த EN 420 தரம் வகுத்த அட்டவணையைத்தான் வேலைக் கிளவுஸ் செய்பவர்கள் பரவலாகப் பின்பற்றுகிறார்கள். அதில் 8 என்றால் சுற்றளவு 20.3 சென்டிமீட்டர், நீளம் 18.2. 9 என்றால் 22.9, நீளம் 19.2. 10 என்றால் 25.4, நீளம் 20.4. சைஸ் எண் என்பது ஏறக்குறைய உள்ளங்கைச் சுற்றளவை அங்குலத்தில் சொல்வதுதான். விரல் எவ்வளவு நீளம் என்று அந்த எண் தனியாகச் சொல்லாது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

என் மருமகனுக்கு ஒடிசலான கை, நீளமான விரல். சுற்றளவு 20.5 சென்டிமீட்டர், நீளம் 19.3. சுற்றளவைப் பார்த்தால் 8. நீளத்தைப் பார்த்தால் 9. இப்படி இரண்டும் ஒத்துப்போகாதபோது, பஞ்சு வைத்த குளிர் கிளவுஸுக்கு இரண்டில் எது பெரிதோ அதைத்தான் எடுக்க வேண்டும். உள்ளங்கையில் கொஞ்சம் தொளதொளப்பு இருந்தால் மணிக்கட்டுப் பட்டையை இறுக்கிச் சமாளிக்கலாம். விரல் நுனி முட்டினால் சமாளிக்க வழியே இல்லை. அதனால் 9 என்று கேட்டேன்.

வந்தது. வெளியே தொங்கிய அட்டையில் 9 என்றுதான் இருந்தது. கடையிலேயே பையனைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். உள்ளங்கை கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் விரலிடுக்குகளைப் பார்த்தால், கிளவுஸின் கவட்டைக்கும் அவன் கைக்கும் நடுவில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்கு இடைவெளி. விரல் நுனி உள்ளே போய் முட்டி நின்றுவிட்டது, அதற்கு மேல் இறங்கவில்லை. "மாமா, கையை மடக்கினா நகம் குத்துது" என்றான்.

கடைக்காரர் அசரவில்லை. "அண்ணாச்சி, அது ஒரிஜினல் தோலு. நாலு நாள் போட்டா இளகிரும். பெருசா எடுத்தா பொறவு தொங்கும்லா" என்றார்.

இதைத்தான் பாதி உண்மை என்றேன். தோல் கிளவுஸ் போடப் போட அகலத்தில் இளகும். உள்ளங்கைப் பக்கம், முட்டிகளுக்கு மேலே, கை விரிந்து மடங்குகிற இடமெல்லாம் தோல் நம் கைக்கு ஏற்றபடி விரிந்துகொடுக்கும். விரலின் நீளம் அப்படி இல்லை. கிளவுஸ் வெட்டும்போதே தோலின் இழுவை குறுக்குவாக்கில் வரும்படி பார்த்து வெட்டுவார்கள். நீளவாக்கில் நிற்பது தோலின் விறைப்பும் தையலும். முட்டுகிற நுனி பத்து நாள் கழித்தும் முட்டிக்கொண்டேதான் இருக்கும். நுனித் தையல் பிரிந்தால் பிரியும், விரல் நீளாது.

குளிருக்கு இது வெறும் அசௌகரியம் மட்டும் இல்லை. உள்ளே இருக்கும் பஞ்சு சூடு தருவது அது பிடித்து வைத்திருக்கும் காற்றினால். விரல் நுனி அழுத்தினால் அந்த இடத்தில் பஞ்சு தட்டையாகி, காற்று வெளியேறி, வெறும் தோலை மட்டும் போட்ட மாதிரி ஆகிவிடும். இறுக்கம் இரத்த ஓட்டத்தையும் குறைக்கும். குளிரில் முதலில் மரத்துப்போவது விரல் நுனி. அங்கேயே பாதுகாப்பு இல்லை என்றால் அந்த கிளவுஸ் எதற்கு? நுனிக்கு மேலே ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். உள்ளே மெல்லிய உல்லன் கிளவுஸ் ஒன்று போடுவதாக இருந்தால், அதைப் போட்டுக்கொண்டுதான் சுற்றளவையும் நீளத்தையும் எடுக்க வேண்டும். ஆனால் மிகப் பெரிதாக எடுப்பதும் தப்பு. வெற்றிடம் கூடினால் கை அந்தக் காற்றையெல்லாம் சூடாக்க வேண்டிவரும், பிடிமானமும் போய்விடும்.

வீட்டுக்கு வந்து உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தோம். மணிக்கட்டு ஓரத் தையலில் நகத்தளவு துணி லேபிள், பாதி கத்தரிக்கப்பட்டிருந்தது. மிச்சம் இருந்த பாதியில் 8 என்ற எண் தெளிவாகத் தெரிந்தது. வெளி அட்டையை மட்டும் மாற்றித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

அதைப் பார்த்த பிறகு பட்டறைக்கு வந்த மூன்று டஜனையும் பிரித்தேன். 8, 9, 10 மூன்றும் கலந்து கேட்டிருந்தேன். பாக்கெட் ஸ்டிக்கரிலும் அப்படித்தான் இருந்தது. வெவ்வேறு பாக்கெட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, மணிக்கட்டு ஓரத்தைச் சேர்த்துப் பிடித்து ஒன்றன்மேல் ஒன்றாக மேசையில் விரித்தேன். நடுவிரல் நுனி எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் முடிந்தது. சைஸ் ஒன்று மாறினால் கை நீளக் கணக்கு ஒரு சென்டிமீட்டர் மாறும், மேசையில் விரித்தால் கண்ணுக்கே தெரிய வேண்டும். டேப் வைத்து அளந்தால் எல்லாமே 10. பின்னங்கையில் எண் அச்சிடும் இடத்தில் தின்னர் வைத்துத் துடைத்த மங்கல் தெரிந்தது. விற்காமல் தேங்கிய ஒரே சைஸ் சரக்கை மூன்று சைஸாகப் பிரித்து என் தலையில் கட்டியிருக்கிறார்கள். பல கம்பெனிகள் மணிக்கட்டு ஓரத் தையல் நூலைச் சைஸுக்கு ஒரு நிறமாக வைப்பார்கள். இதில் எல்லா ஜோடியிலும் ஒரே நிறம். எந்த நிறம் எந்த சைஸ் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆனால் ஒரே கம்பெனி, ஒரே மாடலில் எல்லாச் சைஸுக்கும் ஒரே நிறம் வந்தால் விரித்து அளந்து பார்த்துவிடுங்கள்.

"பெருசா இருந்தா என்ன அண்ணாச்சி, கை லேசா போகும், லேசா வரும்" என்று கடைக்காரர் போனில் சமாதானம் சொன்னார். பட்டறையில் நின்று பார்த்தால் அப்படிப் பேச மாட்டார். 8 போடுகிற பையன் 10 போட்டால், ஒவ்வொரு விரலின் முனையிலும் காலித் துணி தொங்கும். தகரத்தின் பிசிறில் முதலில் மாட்டுவது அந்தக் காலி முனை. நட்டை முறுக்கும்போது வாஷருக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். சின்ன ஸ்க்ரூவை எடுக்க முடியாமல் கிளவுஸையே கழற்றி எறிந்துவிட்டு வேலை செய்வார்கள், வெட்டுக்காயம் வருவது அப்போதுதான். டிரில்லிங் மெஷின், லேத் மாதிரி சுற்றுகிற இயந்திரத்தில் எந்த சைஸ் கிளவுஸும் போடக் கூடாது. அதை எங்கள் பட்டறையில் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறோம்.

எங்கள் மூத்த வெல்டர் அண்ணன் கை மருமகன் கைக்கு நேர் எதிர். அகலமான உள்ளங்கை, குட்டை விரல். சுற்றளவு 22.5, நீளம் 18.1. சுற்றளவுக்கு 9, நீளத்துக்கு 8. பின்னல் கிளவுஸ் குறுக்கே நன்றாக இழுபடும் என்பதால் அவருக்கு 8 எடுக்கிறோம், விரல் முனை சரியாக நிற்கிறது. ஆனால் வெல்டிங் தோல் கிளவுஸ் அந்த அளவுக்கு இழுபடாது. அதில் 8 போட்டால் உள்ளங்கை இறுகி, அரை நாளில் கை கடுத்துவிடும். அதற்கு 9 தான். ஆக, ஒரே ஆளுக்கு இரண்டு சைஸ் வரலாம்.

போட்டுப் பார்க்கும்போது எல்லாரும் உள்ளங்கையைத்தான் கவனிக்கிறார்கள். முதலில் மறு கையால் ஒவ்வொரு விரலிடுக்கையும் அழுத்திக் கிளவுஸின் கவட்டையை அடி வரை இறக்குங்கள். இறங்கவில்லை என்றால் விரல் குட்டை. இறங்கின பிறகு நுனியைக் கிள்ளிப் பாருங்கள். வேலைக் கிளவுஸில் கிள்ளுவதற்குத் துணி கையோடு வரக் கூடாது. குளிர் கிளவுஸில் கொஞ்சம் வர வேண்டும். அப்புறம் முஷ்டியை இறுக்கிப் பார்த்து, நுனி முட்டுகிறதா என்று கவனியுங்கள்.

கடையில் "போட்டுப் பார்த்த சரக்கைத் திரும்ப எடுக்கிறதில்லை" என்றுவிட்டார்கள். கொடுத்த பில்லில் வெறுமனே "கிளவுஸ்" என்று மட்டும் எழுதியிருந்தது. சைஸ் எழுதி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, கத்தரித்த லேபிள், மேசையில் அடுக்கிய கிளவுஸ் பக்கத்தில் டேப் வைத்து எடுத்த படம், இவற்றை வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தேன். அதன் பிறகு மூன்று டஜனுக்குப் பணம் திரும்ப வந்தது. மருமகன் ஜோடிக்கு "தோல் அப்படித்தான்" என்றே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குக் கொண்டுபோகக் காகிதம் தயார் செய்துகொண்டிருக்கிறேன். நீங்கள் வாங்கும்போது சைஸ் எண்ணையும் ஒவ்வொரு சைஸிலும் எத்தனை ஜோடி என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். உள் லேபிள் கத்தரித்திருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.