வெந்தயமா, பட்டையா? நான் பட்டைத்தூளை நிறுத்திய கதை

போன வருடம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 114, மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி 6.1 என்று வந்தது. நீரிழிவு இல்லை, அதன் விளிம்பு. மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், சாப்பாட்டையும் நடையையும் கவனியுங்கள் என்றார் மருத்துவர். சித்தி தினமும் காலையில் ஒரு டீஸ்பூன் பட்டைத்தூளை வெந்நீரில் கலந்து குடிக்கச் சொன்னார். அம்மா ஊறவைத்த வெந்தயம்தான் என்று ஒரே பிடியாக நின்றார். இரண்டு மாதம் சித்தி பேச்சைக் கேட்டேன். அப்புறம் அம்மா பக்கம் வந்துவிட்டேன், இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

இரண்டும் சமையலறையில் இருப்பவை, இரண்டும் விலை மலிவு, எதுவும் மாத்திரைக்கு மாற்று இல்லை. இதில் பேச ஒன்றுமில்லை. சர்க்கரையைக் குறைக்குமா, தினமும் சாப்பிட்டால் உடம்புக்கு ஆகுமா என்ற இரண்டைத்தான் நான் பார்த்தேன்.

பட்டைக்கு இவ்வளவு பெயர் வாங்கித் தந்தது 2003-இல் பாகிஸ்தானில் நடந்த ஒரு சிறிய ஆய்வு. இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 60 பேரைப் பிரித்து, சிலருக்குத் தினமும் 1, 3 அல்லது 6 கிராம் பட்டைத்தூளும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் 40 நாள் கொடுத்தார்கள். பட்டை எடுத்தவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 18 முதல் 29 சதவீதம் வரை குறைந்தது. கேட்கவே ஆசையாக இருக்கும் கணக்கு. ஆனால் அந்த ஆய்வில் எச்.பி.ஏ.1.சி பார்க்கப்படவில்லை. பின்னால் நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2012-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 10 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, நீரிழிவுக்குப் பட்டையைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றது. அடுத்த ஆண்டு வந்த இன்னொரு தொகுப்பில் வெறும் வயிற்று அளவு சராசரியாக 25 புள்ளி அளவுக்குக் குறைந்திருந்தது, எச்.பி.ஏ.1.சி-யில் மட்டும் சொல்லும்படியான மாற்றம் இல்லை. ஆகவே பட்டை ஒன்றுமே செய்யாது என்று சொல்ல மாட்டேன். செய்வது நம்பி இருக்கிற அளவுக்கு இல்லை.

இது மட்டும்தான் என்றால் போகட்டும், கெடுதல் இல்லையே என்று தொடர்ந்திருப்பேன். என்னை நிறுத்த வைத்தது, அளவு மீறினால் கல்லீரலைப் பாதிக்கக்கூடிய கூமரின்.

கடையில் ‘பட்டை’ என்று கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் காசியா என்ற வகை. சீனா, வியட்நாம், இந்தோனேசியா பக்கத்திலிருந்து வருவது. தடித்து, கெட்டியாக, ஒரே அடுக்காகச் சுருண்டிருக்கும், கையால் ஒடிப்பது கஷ்டம். இலங்கைக் கறுவா வேறு மரம். காகிதம் போல மெல்லிய பட்டைகள் பல அடுக்காக, சுருட்டு மாதிரி இறுகச் சுருண்டிருக்கும், விரலால் நொறுக்கலாம், வாசனையும் மென்மை. தூளாக்கிவிட்டால் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது.

காசியாவில் கூமரின் என்ற இயற்கை வாசனைப்பொருள் நிறைய இருக்கிறது. ஜெர்மனியின் உணவு இடர் மதிப்பீட்டு நிறுவனம் கிராமுக்குச் சராசரி 3 மில்லிகிராம் என்று கணக்கு வைக்கிறது. இலங்கைக் கறுவாவில் அது மிகச் சொற்பம். வாழ்நாள் முழுக்கத் தினமும் உடலுக்குள் போகலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம்.

என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். எடை 58 கிலோ, அதனால் என் வரம்பு நாளுக்கு 5.8 மில்லிகிராம். தலை தட்டிய ஒரு டீஸ்பூன் பட்டைத்தூள் சுமார் இரண்டரை கிராம். மூன்றால் பெருக்கினால் ஏழரை. ஒரே டீஸ்பூனில் வரம்பைத் தாண்டியிருக்கிறேன், அதுவும் இரண்டு மாதம் ஒருநாள் விடாமல். பாகிஸ்தான் ஆய்வில் இருந்தது போல 6 கிராம் எடுத்தால் 18 மில்லிகிராம், என் வரம்பைப் போல மூன்று மடங்கு. மூன்று மில்லிகிராம் என்பதும் சராசரிதான். ஒரே மரத்தின் பட்டைகளுக்குள்ளேயே அளவு பெரிதாக மாறுகிறது என்பதால், என் டப்பாவில் எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரிய வழியே இல்லை.

வரம்பைத் தாண்டியதும் எல்லோருக்கும் கல்லீரல் கெட்டுவிடாது. பெரும்பாலானவர்களின் கல்லீரல் கூமரினைத் தீங்கில்லாத பொருளாக மாற்றி வெளியேற்றிவிடும். சிலருக்கு மட்டும் அழற்சி வருகிறது, நிறுத்தினால் பொதுவாகச் சரியாகிறது. அந்தச் சிலரில் நாம் ஒருவரா என்று முன்கூட்டியே அறிய எளிய பரிசோதனை கிடையாது. நீரிழிவுக்காரர்களிடம் இது இன்னும் குழப்பம். பலருக்கு ஏற்கெனவே கொழுப்புக் கல்லீரல் இருக்கும், கொலஸ்ட்ரால் மாத்திரையும் ஓடும். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி அளவு ஏறினால் அவற்றின் மேல்தான் சந்தேகம் விழும், காலையில் குடிக்கும் பட்டைத்தண்ணீரை மருத்துவரிடம் யார் சொல்கிறார்கள்? எடுப்பவர்கள் தயவுசெய்து சொல்லிவிடுங்கள். பிரியாணியில் போடும் துண்டுப் பட்டைக்கு இந்தப் பயம் வேண்டாம். அது அளவிலும் சிறிது, தினமும் வருவதும் இல்லை.

அப்படியானால் இலங்கைக் கறுவா வாங்கிக் குடிக்கலாமே என்று சித்தி கேட்டார். கல்லீரல் கவலை தீரும், உண்மை. ஆனால் பலன் காட்டிய ஆய்வுகளில் பெரும்பாலானவை காசியாவை வைத்துச் செய்தவை. கறுவாவுக்கு அந்தப் பலனை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட முடியாது.

வெந்தயத்துக்கு வருகிறேன். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1980-களிலிருந்தே இதில் வேலை செய்திருக்கிறது. 2014-இல் 10 ஆய்வுகளைத் தொகுத்தபோது வெறும் வயிற்றுச் சர்க்கரை சுமார் 17 புள்ளி, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தது சுமார் 40 புள்ளி, எச்.பி.ஏ.1.சி 0.85 குறைந்திருந்தது. ஆய்வுகள் சிறியவை, தரமும் ஏற்ற இறக்கம் என்று தொகுத்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். 5 கிராமுக்குக் கீழே பலன் தெளிவாக இல்லை. என் நிலைக்கு நெருக்கமானது 2015-இல் இந்தியாவிலிருந்து வந்த ஆய்வு: நீரிழிவின் விளிம்பில் இருந்த 140 பேர், மூன்று வருடம். தினமும் 10 கிராம் வெந்தயத்தூள் எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் எடுக்காதவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. ஒரே ஆய்வு என்பதை மறக்காமல்தான் இதைச் சொல்கிறேன்.

வெந்தயம் வேலை செய்யும் விதம் கையிலேயே தெரியும். ஊறியதும் வருகிற வழவழப்புதான் அதன் கரையும் நார்ச்சத்து. குடலில் அது கூழாகி, சோற்றின் சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்துகிறது. அதனால் தண்ணீரை மட்டும் குடித்து விதையைக் கொட்டிவிட்டால் பாதிக்கு மேல் வீண்.

நான் இரண்டரை டீஸ்பூன், அதாவது சுமார் 10 கிராம், இரவில் ஊறவைத்து, பாதியைக் காலையிலும் பாதியை மதியச் சாப்பாட்டுக்கு முன்னும் மென்று சாப்பிடுகிறேன். முதல் பத்து நாள் வயிறு உப்புசமாகவே இருந்தது. ஒரு டீஸ்பூனில் தொடங்கியிருந்தால் அது குறைந்திருக்கும். வியர்வையில் வெந்தய வாசனை வரும். ஆறு மாதத்தில் எச்.பி.ஏ.1.சி 5.8 ஆனது. ஆனால் அதே காலத்தில் டீக்குச் சர்க்கரையை விட்டேன், நடக்கவும் செய்தேன். வெந்தயத்தின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியாது.

வெந்தயம் எல்லோருக்கும் அல்ல. கர்ப்பிணிகள் மருந்து அளவில் எடுக்கக் கூடாது. நிலக்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும், அதனால் தொடங்கும் வாரத்தில் குளுக்கோமீட்டரில் அடிக்கடி பார்க்க வேண்டும். அந்த வழவழப்பு மாத்திரையையும் பிடித்து வைக்கும் என்பதால், அப்பா தன் பிரஷர் மாத்திரைக்கும் வெந்தயத்துக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் விடுகிறார்.