மூன்றாம் உலக அணுகுமுறைகளில் எதைக் கட்டுரைக்கு எடுப்பது? நவுரு வழக்கை வைத்து ஓர் ஒப்பீடு

சர்வதேசச் சட்டப் பாடத்தில் "விமர்சனரீதியாக ஆராய்க" என்று முடியும் வினா வந்தால், யாழ்ப்பாணத்தில் சட்டம் படிக்கும் நாங்கள் பலரும் முதலில் கையிலெடுப்பது சர்வதேசச் சட்டத்தை முன்னாள் குடியேற்ற நாடுகளின் பார்வையில் வாசிக்கும், ட்வெயில் என்ற சுருக்கப்பெயரால் அறியப்படும் மூன்றாம் உலக அணுகுமுறைகளைத்தான். அந்தப் பெயருக்குள் ஒன்றோடொன்று உடன்படாத போக்குகள் இருக்கின்றன என்பதை ஒப்படை எழுதத் தொடங்கிய பிறகே பலர் கவனிக்கிறார்கள். இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரைக்காக இவற்றுள் ஒன்றை நான் தெரிவுசெய்ய வேண்டியிருந்தது. நான் தெரிவுசெய்தது சட்ட அறிஞர் அன்டனி ஆங்கியின் வரலாற்று அணுகுமுறையை. ஏன் அதன் பக்கம் சாய்ந்தேன் என்பதையும், மற்றவற்றை எந்த வினாவுக்கு விட்டுக்கொடுப்பேன் என்பதையும் ஒரே வழக்கை வைத்துச் சொல்லப் பார்க்கிறேன்.

இந்த அணுகுமுறைகளின் முதல் தலைமுறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாலே போதும், ஏனெனில் பாடநூல்களில் அது ஏற்கெனவே இருக்கிறது. இந்தியாவின் ஆர். பி. ஆனந்த், அல்ஜீரியாவின் முகமது பெட்ஜாவி, எங்கள் நாட்டின் நீதியரசர் கிறிஸ்தோபர் வீரமந்திரி போன்றோர் சர்வதேசச் சட்டத்தை நிராகரிக்கவில்லை. அதை உருவாக்கியவர்கள் ஐரோப்பியர் மட்டுமல்ல என்று காட்டி, புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் நலன்களுக்கும் அதில் இடம் கேட்டார்கள். 1960ஆம் ஆண்டின் குடியேற்றவாத ஒழிப்புப் பிரகடனமும், இயற்கை வளங்கள் மீதான நிரந்தர இறைமை பற்றிய 1962ஆம் ஆண்டின் பொதுச்சபைத் தீர்மானமும், 1974இல் வந்த புதிய சர்வதேசப் பொருளாதார ஒழுங்குப் பிரகடனமும் இந்த நம்பிக்கையின் ஆவணங்கள். சர்வதேச நீதிமன்றத்தின் உபதலைவராக இருந்த வீரமந்திரி, 1997இல் ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் இடையிலான அணைக்கட்டு வழக்கில் எழுதிய தனித் தீர்ப்புரையில், நிலைபேறான அபிவிருத்திக்குச் சான்றாக இலங்கையின் பண்டைய குளங்களை எடுத்துக்காட்டியது இந்தப் போக்கின் அழகான வெளிப்பாடு.

இரண்டாம் தலைமுறையினரான ஆங்கியும் அவருடைய சமகாலத்தவர்களும் வேறொரு கேள்வியை எழுப்புகிறார்கள். குடியேற்றவாதம் சர்வதேசச் சட்டத்துக்கு வெளியே நடந்த ஒரு பிழையா, அல்லது இறைமை உட்பட அந்தச் சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளே குடியேற்றவாதத்தைக் கையாளும் முயற்சியில் உருவானவையா? ஆங்கியின் விடை இரண்டாவது. ஒரு சமூகத்தை நாகரிகத்தில் குறைந்தது என்று முதலில் வரையறுத்துவிட்டு, அந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு தனக்கிருப்பதாகச் சொல்லி ஆளும் அதிகாரத்தைப் பெறும் ஒரு வேலைமுறையை, பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானிய இறையியலாளர் விற்றோரியா தொடங்கி, முதலாம் உலகப் போரில் தோற்ற நாடுகளின் குடியேற்றங்களைப் பிற நாடுகள் பொறுப்பேற்று ஆண்ட கடந்த நூற்றாண்டின் ஆணையாட்சி முறை வரை அவர் தொடர்ந்து காட்டுகிறார்.

கட்டுரை எழுதுபவருக்கு இந்த இரண்டில் எது உதவும் என்பதை நான் ஒரேயொரு அளவுகோலால் தீர்மானித்தேன். ஒரு தீர்ப்பின் குறிப்பிட்ட பகுதியை எடுத்து வைத்தால், அந்த அணுகுமுறை இல்லாமல் தெரியாத ஒன்று அதனால் தெரிகிறதா என்பதே அந்த அளவுகோல். கோட்பாட்டுப் பந்திகளை வெட்டி எடுத்த பிறகும் சட்டப் பகுதி சொல் மாறாமல் நிற்குமானால், அந்தக் கோட்பாடு கட்டுரையில் வேலை செய்யவில்லை. பரீட்சகர் அதை உடனே கண்டுகொள்வார். "அக்கா, எல்லாத்துக்கும் காலனித்துவம்தான் காரணம் எண்டு எழுதினால் காணாதோ?" என்று ஒரு தங்கை கேட்டாள். காணாது என்பதற்கான காரணத்தை நவுரு வழக்கில் தெளிவாகக் காட்டலாம்.

நவுரு பசுபிக் சமுத்திரத்தில் ஏறத்தாழ 21 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள ஒரு தீவு. 1888இல் ஜேர்மனி அதைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. அங்கே உயர்தரமான பொசுபேற்று இருப்பது பின்னர் தெரியவந்தது. முதலாம் உலகப் போரில் அவுஸ்திரேலியா தீவைக் கைப்பற்றிய பிறகு, 1919இல் பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று அரசுகளும் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்து, அகழ்வை ஒரு கூட்டு ஆணையாளர் சபையிடம் ஒப்படைத்தன. பொசுபேற்றில் முதல் இரு நாடுகளுக்கும் தலா நூற்றுக்கு 42 வீதமும் நியூசிலாந்துக்கு 16 வீதமும் என்று பங்கு பிரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே தீவு, ஐக்கிய நாடுகளின் முன்னோடியான சர்வதேச சங்கத்தின் ஆணையாட்சிக்குள் வந்தது. சங்க உடன்படிக்கையின் 22ஆம் உறுப்புரையின்படி இத்தகைய மக்களின் நல்வாழ்வும் வளர்ச்சியும் நாகரிகத்தின் புனிதப் பொறுப்பு. அதே உறுப்புரை, நவுரு போன்ற பிரதேசங்களை ஆளும் நாட்டின் ஒன்றிணைந்த பகுதியைப் போலவே நிர்வகிக்கலாம் என்றும் அனுமதித்தது. 1947இல் ஆணையாட்சி ஐக்கிய நாடுகளின் பொறுப்பாட்சியாக மாறியது. 1968 ஜனவரி 31இல் நவுரு சுதந்திரம் பெற்றபோது தீவின் உட்பகுதியில் பெரும்பரப்பு கற்கூர்கள் மட்டும் துருத்தி நிற்கும் பாழ்நிலமாகியிருந்தது.

1967 ஜூலை 1க்கு முன் அகழப்பட்ட நிலத்தைச் சீரமைக்கும் பொறுப்பு யாருடையது என்று ஆராய நவுரு அரசு ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் வீரமந்திரி. அதன் ஆய்வுப் பணியில் உதவியவர் இலங்கையை வேராகக் கொண்ட இளம் ஆங்கி. இந்த ஒப்பீட்டின் இரு தரப்பும் ஒரே மேசையிலிருந்து புறப்பட்டவை என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. 1989 மே மாதத்தில் நவுரு, அவுஸ்திரேலியாவுக்கு எதிராகச் சர்வதேச நீதிமன்றத்துக்குச் சென்றது.

முதல் தலைமுறையின் கண்ணால் பார்த்தால் இது ஒரு வெற்றிக் கதை, அது பொய்யுமல்ல. பொறுப்பாட்சிக் கடமை, சுயநிர்ணய உரிமை, வளங்கள் மீதான நிரந்தர இறைமை என்று நவுரு முன்வைத்த வாதங்கள் பெரும்பாலும் அந்தத் தலைமுறை வென்றெடுத்த சட்டத்திலிருந்து வந்தவை. நீங்கள் நவுருவின் சட்டத்தரணியாக இருந்தால் வேறெதையும் நாடியிருக்க மாட்டீர்கள். ஆனால் கட்டுரையில் இந்த வாசிப்பு, "சட்டம் மீறப்பட்டது, பாதிக்கப்பட்ட நாடு நீதிமன்றம் சென்றது" என்ற இடத்தில் நின்றுவிடுகிறது.

இனி அவுஸ்திரேலியாவின் முதற்கட்ட ஆட்சேபணைகளுள் ஒன்றைக் கவனியுங்கள். பொறுப்பாட்சியை நடத்தியது மூன்று அரசுகள் சேர்ந்த ஒரே நிர்வாக அதிகாரம் என்றும், பிரித்தானியாவும் நியூசிலாந்தும் வழக்கில் இல்லாத நிலையில் அவுஸ்திரேலியாவைப் பற்றித் தீர்ப்பளிப்பது அவர்களைப் பற்றியும் தீர்ப்பளிப்பதாகும் என்றும் அது வாதிட்டது. 1954ஆம் ஆண்டின் நாணயத் தங்க வழக்கில், வழக்கில் இல்லாத மூன்றாம் நாட்டின் சட்ட நலனே விடயப்பொருளாக இருந்ததால் நீதிமன்றம் தீர்ப்பளிக்க மறுத்திருந்தது. அந்த விதிதான் இங்கே கேடயமாகப் பிடிக்கப்பட்டது. பாடநூல் இதை மூன்றாம் நாடு பற்றிய ஒரு நடைமுறைப் பிரச்சினையாகச் சொல்லி நகர்ந்துவிடும். வரலாற்று அணுகுமுறையோடு வாசித்தால் வேறொன்று புலப்படும்: பொசுபேற்றைப் பங்கிட 1919இல் கட்டிய அதே மூவர் அமைப்பு, எழுபது ஆண்டுகளுக்குப் பின் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வாதமாக மீண்டும் வருகிறது. பயன் மூவருக்கும் தனித்தனி வீதத்தில் பிரிகிறது. கடமை மட்டும் யாரிடமும் தனியாகக் கேட்க முடியாதபடி ஒன்றாக முடிச்சிடப்பட்டிருக்கிறது. நான் சொன்ன அளவுகோலை இந்த இடம் நிறைவு செய்கிறது, ஏனெனில் 1919 உடன்படிக்கையை அருகில் வைக்காமல் அந்த ஆட்சேபணையின் கனம் தெரியாது.

1992 ஜூன் 26இல் நீதிமன்றம் அந்த ஆட்சேபணையை ஒன்பதுக்கு நான்கு என்ற வாக்குகளால் நிராகரித்தது. மற்ற இரு அரசுகளின் பொறுப்பைத் தீர்மானிப்பது நவுருவின் கோரிக்கையைத் தீர்ப்பதற்கு முன்நிபந்தனை அல்ல என்பதே அதன் காரணம். இதைக் கட்டுரையில் மறைக்கக் கூடாது. சர்வதேசச் சட்டம் எப்போதும் பேரரசுகளின் பக்கமே நிற்கும் என்று எழுதியவரின் வாதத்தை இந்த ஒரு வாக்களிப்பே உடைத்துவிடும். எனவே நான் என் வாதத்தை இப்படிக் குறுக்கிக்கொண்டேன்: குடியேற்றக் கால அமைப்பு இன்றைய நடைமுறை விதிகளின் வழியாகத் தற்காப்பாகப் பயன்படத்தக்கதாக இருக்கிறது, அது எப்போதும் வெல்லும் என்பதில்லை. 1919இல் உடன்படிக்கை வரைந்தவர்கள் இந்தத் தற்காப்பை முன்கூட்டியே எண்ணியிருந்தார்கள் என்றும் எழுதாதீர்கள். அதற்குச் சான்று காட்ட முடியாது, வாதத்துக்கு அது தேவையுமில்லை.

அதன் பிறகு நடந்ததையும் சேர்க்க வேண்டும். புனிதப் பொறுப்பு மீறப்பட்டதா என்ற மூலக் கேள்விக்கு நீதிமன்றம் விடையளிக்கவே இல்லை. 1993இல் இரு நாடுகளும் இணக்கத்துக்கு வந்து வழக்கை மீளப்பெற்றன. அவுஸ்திரேலியா 107 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் வழங்க உடன்பட்டது. ஆயினும் சீரமைப்புக்குத் தான் பொறுப்பல்ல என்ற தன் நீண்டகால நிலைப்பாட்டுக்குப் பாதகமின்றியே வழங்குவதாக உடன்படிக்கையில் எழுதிக்கொண்டது. பிரித்தானியாவும் நியூசிலாந்தும் பின்னர் அவுஸ்திரேலியாவுக்குத் தலா 12 மில்லியன் கொடுத்தன. வழக்கில் பிரிக்க முடியாதது என்று வாதிடப்பட்ட பொறுப்பு, கட்டணமாக வந்தபோது பிரிக்கத்தக்கதாகிவிட்டது. என் கட்டுரையின் மிக உறுதியான பந்தி இந்த முரணைப் பற்றியதே.

வரலாற்று அணுகுமுறைக்கு எதிராகப் பரீட்சகர் வழமையாக எழுப்பும் ஆட்சேபம் ஒன்றுண்டு: ஒரு விதியின் தோற்றம் கறைபட்டது என்பதால் அதன் இன்றைய பயன்பாடும் கறைபட்டது என்று ஆகிவிடுமா? ஆகாது. ஆகவேதான் விற்றோரியாவில் தொடங்கி நாலு பக்கம் வரலாறு எழுதிவிட்டு இன்றைய வழக்குக்குத் தாவும் ஒப்படைகள் புள்ளியை இழக்கின்றன. ஆட்சேபணையை முதலில் வையுங்கள், அங்கிருந்து 1919க்குப் பின்னோக்கிச் செல்லுங்கள், பிறகு தீர்ப்புக்குத் திரும்புங்கள். விற்றோரியாவுக்கு ஒரு வாக்கியம் போதும்.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுபவருக்கு முதல் தலைமுறையைப் பற்றி இன்னொரு தயக்கமும் வருவது இயல்பு. அது அரசையும் மக்களையும் பெரும்பாலும் ஒன்றாகவே எண்ணியது. 1960ஆம் ஆண்டுப் பிரகடனம் எல்லா மக்களுக்கும் சுயநிர்ணய உரிமை உண்டு என்று சொல்லிவிட்டு, ஆறாவது பந்தியில் நாட்டின் ஆள்புல ஒருமைப்பாட்டைக் குலைக்கும் முயற்சியை ஐக்கிய நாடுகள் சாசனத்துக்கு முரணானது என்கிறது. விடுதலை பெற்ற அரசுக்குள்ளேயே ஒரு மக்கள் குழுமம் நசுக்கப்படும்போது என்ன செய்வது என்பதற்கு அந்தத் தலைமுறையின் எழுத்தில் இடம் குறைவு. இரண்டாம் தலைமுறையினர் இந்தக் குறையை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்கள். உங்கள் வினா சுயநிர்ணயம் பற்றியதாக இருந்தால், பிரகடனத்தின் இரண்டாவது பந்தியையும் ஆறாவது பந்தியையும் அருகருகே வைத்துத் தொடங்குங்கள். அங்கேயே பகுப்பாய்வு தொடங்கிவிடும்.

மூன்றாவதாக, இந்தியச் சட்ட அறிஞர் பி. எஸ். சிம்னியின் வர்க்க அணுகுமுறை இருக்கிறது. இதில் என் அனுபவம் மெலிது. உலக வர்த்தக ஒழுங்கு பற்றிய ஒரு சிறு ஒப்படையில் மட்டுமே கையாண்டிருக்கிறேன். ஆகவே உறுதியாகப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். எனினும் நவுருவிலேயே அது கேட்கக்கூடிய கேள்வி ஒன்று ஆங்கியின் அணுகுமுறையில் எளிதில் மேலே வருவதில்லை. சுதந்திரத்துக்குப் பின் அகழ்வைத் தொடர்ந்தது நவுரு அரசே. அந்த வருமானத்தில் உருவாக்கிய நிதியத்தின் பெரும்பகுதி தவறான முதலீடுகளில் அழிந்தது. 2001 முதல் அதே தீவு அவுஸ்திரேலியா அனுப்பும் புகலிடக் கோரிக்கையாளர்களைத் தடுத்து வைக்கும் இடமாகியது. இவற்றில் நவுருவின் ஆட்சியாளர்கள் யாருடைய நலனுக்காக இயங்கினார்கள் என்று கேட்க சிம்னி வழிகாட்டுகிறார். முதலீடு, கடன், வர்த்தகம் பற்றிய வினாவானால் அவரை முதன்மையாக எடுத்து, ஆங்கியை ஒரு பந்திக்குள் நிறுத்துவதே பொருத்தமாகப்படுகிறது. ஆணையாட்சி, இறைமை, ஆள்புலம், அரச பொறுப்பு என்று வந்தால் நான் மறுபடியும் வரலாற்று அணுகுமுறையையே எடுப்பேன்.