மூன்று பக்க ரெஸ்யூமே: ஒன்றாக்குவதா, இரண்டோடு நிறுத்துவதா?

வேலை மாறலாம் என்று முடிவெடுத்துப் பழைய ரெஸ்யூமேவைத் திறந்தேன். ஜாவா டெவலப்பராக 11 வருடம், ஆறு ப்ராஜெக்ட். மொத்தம் மூன்று பக்கம், கடைசிப் பக்கத்தில் முப்பது வரி. அதை அப்படியே அனுப்புவதா, இரண்டு பக்கமாக்குவதா, ஒரே பக்கத்தில் அடக்குவதா? மூன்றையும் செய்து பார்த்து, இரண்டு பக்கத்தை வைத்துக்கொண்டேன்.

ஒரு பக்கம் எனக்குச் சரிப்படவில்லை. எழுத்தை 9 பாயின்டுக்குக் குறைத்து, ஓரங்களையும் ஒடுக்கினால்தான் அடங்கியது. படிக்கக் கண் வலித்தது. எழுத்தைக் குறைக்காமல் செய்தபோது, மூன்று வருடம் உழைத்த வங்கி ப்ராஜெக்ட்டுக்கு ஒரே வரிதான் மிஞ்சியது. கல்லூரி முடித்து நான்கைந்து வருடத்துக்குள் இருப்பவர்களுக்கு ஒரு பக்கம் போதும் என்று நினைக்கிறேன். பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் கட்டுரைப் பட்டியலோடு பல பக்கம் கொடுப்பது வழக்கம். அது வேறு கணக்கு.

மூன்று பக்கத்தை நான் கைவிட்டதற்குக் காரணம் நீளம் மட்டும் இல்லை. முன்பு ஒரு நேர்காணலில், கேள்வி கேட்டவர் நேராக மூன்றாம் பக்கத்துக்குப் போனார். 2015-இல் ஸ்ட்ரட்ஸ் என்ற ஜாவா ஃப்ரேம்வொர்க்கில் வேலை செய்ததாக அங்கே எழுதியிருந்தேன். "ஸ்ட்ரட்ஸ் 2-இல் இன்டர்செப்டர் எப்படி வேலை செய்யும்?" என்றார். தொட்டே பல வருடம் ஆகியிருந்தது. தடுமாறினேன். அதற்குப் பிறகு எனக்கு நன்றாகத் தெரிந்த ஸ்பிரிங் பூட் பற்றிப் பேசியபோதும் என் பதிலை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. எழுதும் ஒவ்வொரு வரியும் நாமே எடுத்துக் கொடுக்கும் கேள்வி என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அதனால் இந்த முறை வெட்டும்போது ஒரே அளவுகோல்தான் வைத்தேன்: இந்த வரியைப் பற்றி நாளைக்கே கேட்டால் ஐந்து நிமிடம் பேச முடியுமா? முடியாது என்றால் வரி போய்விடும். கேட்கவே மாட்டார்கள் என்றாலும் போய்விடும்.

இரண்டாவது வகையை வெட்டுவது எளிது. அப்பா பெயர், திருமண நிலை, பாஸ்போர்ட் எண், முழு முகவரி எல்லாம் சேர்ந்து எட்டு வரி. கடைசியில் "மேற்கண்டவை உண்மை" என்ற டிக்ளரேஷன், இடம், தேதி, கையெழுத்து ஐந்து வரி. பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் நான்கு வரி. பதினேழு வரி போனதில் இழப்பு ஒன்றுமில்லை.

ப்ராஜெக்ட் பகுதியில்தான் மெனக்கெட வேண்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் கிளையன்ட் யார், என்ன வியாபாரம் என்று நான்கு வரி இருந்தது. அது அவர்களைப் பற்றிய விவரம், என்னைப் பற்றியது இல்லை. ஒரு வரியாகச் சுருக்கினேன். ஆறு ப்ராஜெக்ட்டுக்கும் சேர்த்துப் பதினெட்டு வரி மிச்சம். அதற்குக் கீழே "கோடிங், யூனிட் டெஸ்டிங், பக் ஃபிக்ஸிங் செய்தேன்" என்பது ஆறிலும் அச்சுப் பிசகாமல் திரும்பத் திரும்ப வந்தது. அதை எடுத்துவிட்டு, வங்கி ப்ராஜெக்ட்டில் மட்டும் இப்படி எழுதினேன்: இரவு நேர பேட்ச் ஜாப் 4 மணி நேரம் ஓடியது, ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாக டேட்டாபேஸுக்குப் போய்வந்ததை மொத்தமாகப் படிக்கும்படி மாற்றியதில் 50 நிமிடத்தில் முடிந்தது. இதைப் பற்றி அரை மணி நேரம் கேட்டாலும் என்னால் பேச முடியும். ஸ்ட்ரட்ஸ் ப்ராஜெக்ட்டுக்குக் கம்பெனி பெயர், வருடம், பதவி மட்டும். அதை முழுவதும் நீக்கினால் இடையில் வேலையில்லாமல் இருந்தது போலத் தெரியும்.

வெட்டும்போது ஒன்றைத் தவறவிடப் பார்த்தேன். வேலைவாய்ப்புத் தளங்களில் ரெக்ரூட்டர்கள் சொல் போட்டுத்தான் தேடுகிறார்கள். நான் நீக்கிய ஒரு பத்தியில்தான் காஃப்கா என்ற சொல்லே இருந்தது. பத்தியோடு சொல்லும் போய்விட்டது. பழைய கோப்பையும் புதியதையும் வைத்து, தேவையான கருவிப் பெயர்கள் ஒவ்வொன்றையும் தேடிப் பார்த்து, விடுபட்டதைத் திறன்கள் பகுதியில் சேர்த்தேன். ஸ்ட்ரட்ஸை மட்டும் திரும்பச் சேர்க்கவில்லை. அந்தச் சொல்லால் வரும் அழைப்பு நான் விரும்பாத வேலைக்குத்தான் வரும்.

மூன்று பக்கக் கோப்பை அழிக்கவில்லை. தேதிகளும் விவரங்களும் பின்னணிச் சரிபார்ப்புப் படிவம் நிரப்பும்போது தேவைப்படும். வெளியே அனுப்புவது இரண்டு பக்கம், அதுவும் பி.டி.எஃப். ஆக. வேர்ட் கோப்பாகத் தங்கைக்கு அனுப்பிப் பார்த்தபோது அவளுடைய கணினியில் அந்த எழுத்துரு இல்லாமல், இரண்டு வரி மூன்றாம் பக்கத்துக்குப் போயிருந்தது.