டிரான்ஸ்பார்மர் சோக் பிட்டில் ஜல்லிக்குப் பதில் பாறைப்பொடி: 2,40,000 ரூபாய் போச்சு

ஆரல்வாய்மொழியில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சின்ன நூற்பாலை. அங்குள்ள டிரான்ஸ்பார்மரில் 2,150 லிட்டர் எண்ணெய். 2,000 லிட்டரைத் தாண்டினால் சோக் பிட், அதாவது எண்ணெய் இறங்க ஜல்லி நிரப்பிய குழி, இருக்க வேண்டும் என்பது விதி. டாங்க் வெடித்து எண்ணெய் கொட்டினால், அது ஜல்லி இடுக்கு வழியாகக் குழிக்குள் இறங்கிவிடும். கீழே காற்று போதாது, கல் சூட்டை உறிஞ்சும், தீ அடங்கும். வேலையே அந்த இடுக்கில்தான்.

ஒப்பந்தக்காரர்களைத் தேடித் தரும் ஒரு செயலியில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்ற முத்திரையோடு ஒருவன் கிடைத்தான். முட்டி போட்டு உட்கார்ந்து, நேம் பிளேட்டைத் துணியால் துடைத்து, எண்ணெய் அளவைப் படித்துக் குறித்துக்கொண்டான். "ஜல்லிக்கு இடையில் நூற்றுக்கு நாற்பது பங்குதான் காலி இடம் சார். குழி 12 கன மீட்டர் இருந்தா 4,800 லிட்டர் தாங்கும், மழைத்தண்ணி நின்னாலும் பயமில்லை" என்றான். கணக்கு அத்தனையும் சரி. இவ்வளவு தெரிந்தவனை யார் சந்தேகப்படுவார்கள்? 2,40,000 ரூபாயையும் வாங்கி, வேலை முடிந்ததற்கான ஓடிபியையும் அன்றைக்கே வாங்கிக்கொண்டு போனான்.

ஜூன் சாரலில் குழி குளம் மாதிரி நிறைந்தது. அடியில் குழாய் வைத்து சம்ப்புக்கு வழி விட்டிருக்கிறான், ஆனால் சம்ப் காய்ந்து கிடக்கிறது. எங்கள் எலெக்ட்ரீசியன் கடப்பாரையை இறக்கினார். ஒரு சாண் இறங்கி, சதக்கென்று நின்றது. தோண்டினால் மேலே 20 சென்டிமீட்டர் ஜல்லி, அதற்குக் கீழே முழுக்க ஈரப் பாறைப்பொடியும் உடைந்த செங்கலும். குழாய் வாயும் பொடியில் அடைத்திருக்கிறது. நம்ம ஊர்ப் பக்கம் கிரஷர் பொடிக்கா பஞ்சம்! பன்னிரண்டு கன மீட்டரில் நிஜ ஜல்லி 2.4தான். அவன் சொன்ன கணக்குப்படியே அதில் நிற்கப் போவது 960 லிட்டர். மீதி எண்ணெய் எரிந்துகொண்டே பஞ்சு குடோன் பக்கம் ஓடும்.

போன் செய்தால் "ஜல்லி உட்கார்ந்திருக்கும் சார்" என்றான். பிறகு "மழை விடட்டும்". அப்புறம் எடுப்பதே இல்லை. செயலிக்காரர்களோ "ஓடிபி தந்துவிட்டீர்கள், புகார் முடிக்கப்பட்டது" என்று ஒரே பதிலைத் திருப்பித் திருப்பி அனுப்புகிறார்கள். 2,40,000 ரூபாய்! பொடியை அள்ளி எறியக் கூலி தனி.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக: கழுவிய 40 எம்எம் ஜல்லிதான் வேண்டும், லாரி கொட்டும்போதே கூட நில்லுங்கள். குழி நிரம்பும்போது டேப்பை வைத்துப் படம் எடுங்கள். பணம் தருமுன் ஒரு டேங்கர் தண்ணீர் ஊற்றி, சம்ப்பில் வருகிறதா பாருங்கள். கணவாய்க் காற்றில் தூசி இறங்கும் இடமென்றால் வருடத்துக்கு ஒருமுறை ஜல்லியை எடுத்துக் கழுவுங்கள். சம்ப்பில் தண்ணீர் வருவதைப் பார்க்கும்வரை ஓடிபி கொடுக்காதீர்கள்.