டிபார்ச்சர், ஸ்டேஓவர், டர்ன்டவுன்: புதியவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஹோட்டல் ஹவுஸ்கீப்பிங்கில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு டிபார்ச்சர், ஸ்டேஓவர், டர்ன்டவுன் என்ற மூன்று வகை அறை வேலைகளையும் விளக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒவ்வொன்றிலும் என்னென்ன வேலை என்று பட்டியலாகச் சொல்வது. இன்னொன்று, அறையில் இருக்கும் பொருள் யாருடையது என்பதிலிருந்து தொடங்குவது. நான் இரண்டாவதற்கு மாறிவிட்டேன்.

பட்டியல் முறை சூப்பர்வைசருக்கு வசதி. டிக் அடித்துச் சரிபார்க்கலாம். ஆனால் படுக்கை, பாத்ரூம், குப்பை, தூசி எல்லாம் டிபார்ச்சரிலும் வருகிறது, ஸ்டேஓவரிலும் வருகிறது. அதனால் ஒன்று பெரிய சுத்தம், மற்றது சின்னச் சுத்தம் என்று மட்டும்தான் மனதில் நிற்கும்.

இரண்டாவது முறையில் இப்படிச் சொல்வேன்: “டிபார்ச்சர் என்றால் கெஸ்ட் கணக்கு முடித்துக் கிளம்பிவிட்டார், தம்பி. படுக்கை விரிப்பு முழுக்க உருவி, அலமாரி, டிராயர் எல்லாம் திறந்து பார். ஸ்டேஓவர் என்றால் வெளியே போயிருக்கிறார், திரும்பி வருவார். அவர் வைத்தது வைத்த இடத்தில் இருக்கணும்.”

இந்த முறையை நான் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், எதைத் தூக்கிப் போடலாம் என்ற கேள்விதான். வாஷ்பேசின் ஓரத்தில் மடித்த டிஷ்யூ ஒன்று கிடக்கிறது. ஸ்டேஓவர் அறையில் அதைத் தொடக்கூடாது. உள்ளே பல்செட் இருக்கலாம், கம்மல் இருக்கலாம். குப்பைக்கூடையில் இருப்பது மட்டுமே குப்பை. அதுவே டிபார்ச்சர் அறை என்றால் பிரித்துப் பார்க்கணும். பொருள் இருந்தால் அறை எண், தேதி, கிடைத்த இடம் எழுதி லாஸ்ட் அண்ட் ஃபவுண்டில் ஒப்படைக்கணும்.

குழப்பம் வருவது டியூ அவுட் அறையில். காலையில் கொடுக்கும் ஷீட்டில், இன்று காலி செய்யவேண்டிய அறை என்று இருக்கும். மணி 11. அலமாரி காலி, பெட்டி கட்டி கதவோரம் நிற்கிறது, கட்டில் பக்கத்தில் சார்ஜர் தொங்குகிறது. பட்டியலை மனப்பாடம் செய்தவர் ஷீட்டை நம்பி விரிப்பை உருவ ஆரம்பித்துவிடுவார். கெஸ்டோ லேட் செக்அவுட் கேட்டுவிட்டுக் கீழே சாப்பிட்டுக்கொண்டிருப்பார். பொருளைப் பார்க்கப் பழகியவர் பெட்டியைக் கண்டதும் கதவைச் சாத்திவிட்டு ஃப்ரண்ட் ஆபீஸைக் கேட்பார். அங்கிருந்து செக்அவுட் ஆகிவிட்டது என்று சொல்லும்வரை அது டிபார்ச்சர் அறை இல்லை.

டர்ன்டவுனுக்கு மட்டும் பட்டியலே மேல் என்று தோன்றுகிறது. எல்லா ஹோட்டலிலும் இது கிடையாது, நானும் அதிகம் சொல்லிக்கொடுத்ததில்லை. கெஸ்ட் தூங்கத் தோதாக மாலையில் அறையைத் தயார்செய்வது, அவ்வளவுதான். அலங்காரத் தலையணைகளை எடுத்து வை, திரையை இழுத்து மூடு, போர்வையின் ஒரு மூலையை மடித்துவிடு, தண்ணீர் வை, படுக்கை விளக்கைப் போடு. இதில் குழம்ப ஒன்றுமில்லை. ஒருவர் மட்டும் தங்கியிருந்தால் எந்தப் பக்கம் மடிப்பது என்று கேட்பார்கள். அவருடைய கண்ணாடியோ புத்தகமோ இருக்கும் பக்கம். மடிக்கும்போது அதை நகர்த்தக்கூடாது.