ஊசி மிதத்தில் நிற்கும் கில்ட் ஃபண்டும், ஒரு படி கீழே நிற்கும் குறுங்கால ஃபண்டும்

மியூச்சுவல் ஃபண்டு விண்ணப்பப் படிவத்தின் முகப்பில் அரைவட்டமாக ஒரு மீட்டர் அச்சாகியிருக்கும். பெயர் ரிஸ்கோமீட்டர். குறைவு, குறைவு முதல் மிதம், மிதம், மிதமான அதிகம், அதிகம், மிக அதிகம் என்று ஆறு கட்டங்கள், அவற்றில் ஒன்றைக் காட்டும் ஊசி. அதன் கீழே ஒரு வரி இருக்கும்: முதலீட்டாளரின் அசல் இன்ன அளவு ரிஸ்கில் இருக்கும் என்பதை அவர் புரிந்துகொள்கிறார். பலரையும் குழப்பிவிடுவது அந்த ‘அசல்’ என்ற சொல்தான். ஊசியை நகர்த்தும் கணக்குக்கும் அசல் திரும்பி வருமா என்ற கேள்விக்கும் உள்ள உறவு, அந்த வரி சொல்வதைவிட மிகவும் தளர்வானது.

இதை நான் கற்றுக்கொண்டது 2022 ஜனவரியில். ஊரில் இருந்த மனையை விற்ற பணத்தில் அம்மாவின் பங்கு ஆறு லட்சம். குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குத் தேவைப்படாத பணம். என் முன்னால் இரண்டு ஃபண்டுகள் இருந்தன. ஒன்று, மத்திய அரசின் பத்தாண்டுக் கடன் பத்திரங்களை மட்டுமே வைத்திருக்கும் கில்ட் ஃபண்டு. அதன் ஊசி ‘மிதம்’ என்று காட்டியது. மற்றொன்று, வங்கியில் பரிந்துரைத்த குறுங்காலக் கடன் ஃபண்டு. ஊசி ஒரு படி கீழே, ‘குறைவு முதல் மிதம்’. என் மைத்துனர் தன் பணத்தை அதில்தான் போட்டார். “ஊசியே சொல்கிறதே மாப்பிள்ளை, இதில் என்ன யோசனை?” என்றார். நான் கில்ட்டைத் தேர்ந்தெடுத்தேன். இன்றும் என் சாய்வு அந்தப் பக்கம்தான். அதை மறைத்துக்கொண்டு நடுநிலை பேசப்போவதில்லை.

வரி, செலவு விகிதம், பணத்தை எடுக்கும் வசதி ஆகியவற்றில் இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கும் யூனிட்டுகளுக்கு இரண்டிலுமே லாபம் உங்கள் வருமான வரி விகிதத்தில் சேர்ந்துவிடும். அதனால் நேராக ஊசிக்கு வருகிறேன்.

இப்போதைய கணக்கு முறையைச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கடன் ஃபண்டுக்கு மூன்று மதிப்பெண்கள் உண்டு. கடன் வாங்கியவரின் தரத்துக்கு ஒன்று, வட்டி விகித மாற்றத்துக்கு ஒன்று, பத்திரத்தை எளிதில் விற்க முடியுமா என்பதற்கு ஒன்று. மூன்றின் சராசரிதான் ஊசி. மூன்றாவது மதிப்பெண் சராசரியைத் தாண்டினால் மட்டும் அதுவே நிற்கும். ஒன்று வரை ‘குறைவு’, இரண்டு வரை ‘குறைவு முதல் மிதம்’, மூன்று வரை ‘மிதம்’ என்று படிகள் ஏறுகின்றன.

கில்ட் ஃபண்டைப் பாருங்கள். கடன் வாங்கியது அரசு, ஆகவே தரத்துக்கு 1. எப்போதும் விற்கலாம், அதற்கும் 1. ஆனால் பத்தாண்டுப் பத்திரம் என்பதால் வட்டி மாற்றத்துக்கு உச்ச மதிப்பெண்ணான 6. கூட்டினால் 8, மூன்றால் வகுத்தால் 2.67. ஊசி ‘மிதம்’.

மற்றதான குறுங்கால ஃபண்டின் அமைப்பைச் சற்று எளிமையாக்கிச் சொல்கிறேன். 90 சதவீதம், மிக உயர்ந்த தரமான டிரிபிள் ஏ பெற்ற பத்திரங்கள். மீதி 10 சதவீதம் ‘ஏ’ தரம் பெற்ற இரண்டு தனியார் நிறுவனங்களின் பத்திரங்கள், தலா ஐந்து சதவீதம். டிரிபிள் ஏ-வுக்கு 1, ‘ஏ’-வுக்கு 6 என்பதால் தரத்துக்கான சராசரி 1.5. பத்திரங்கள் ஓராண்டுக்குள் முதிர்பவை, ஆகவே வட்டிக்கு 2. விற்கும் வசதிக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவாக வைத்துக்கொள்வோம். ஊசி ‘குறைவு முதல் மிதம்’ கட்டத்துக்குள் சௌகரியமாக உட்கார்ந்துவிடுகிறது.

அரசு தவிர வேறு யாருக்கும் கடன் கொடுக்காத ஃபண்டு மேல் கட்டத்தில். இரண்டு சுமாரான நிறுவனங்களுக்குக் கடன் கொடுத்திருக்கும் ஃபண்டு கீழ்க் கட்டத்தில். கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. விலை எவ்வளவு ஆடும் என்பதையும் கொடுத்த கடன் திரும்புமா என்பதையும் ஒரே தராசில் போட்டு வகுத்தால் ஆட்டம்தான் கனக்கும். கில்ட்டின் 2.67-ஐ ஆக்கியது முழுக்க அந்த வட்டி ஆறுதான்.

ஆட்டம் என்றால் என்ன என்பதை அந்த ஆண்டே பார்த்தேன். நான் பணம் போட்டபோது பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் வருவாய் ஏறக்குறைய ஆறரை சதவீதம். ஜூன் நடுவில் அது ஏழரையைத் தாண்டியது. புதிய பத்திரம் கூடுதல் வட்டி தரும்போது கையிலிருக்கும் பழைய பத்திரத்தைப் பழைய விலைக்கு யாரும் வாங்கமாட்டார்கள், விலை இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பதை மெக்காலே டியூரேஷன் என்ற எண்ணிலிருந்து கணிக்கலாம். ஃபண்டின் மாதாந்தர அறிக்கையில் அது இருக்கும். ஏழுக்குப் பக்கத்தில் இருந்தால், வட்டி ஒரு சதவீதம் ஏறும்போது விலை ஏழு சதவீதத்துக்கு அருகில் விழும். இடையில் சேர்ந்த வட்டி கொஞ்சம் ஈடுகட்டியது போக, அம்மாவின் ஆறு லட்சம் ஐந்தே முக்கால் லட்சமாகத் தெரிந்தது.

“அரசாங்கத்துக்குக் கொடுத்த பணம் எப்படியடா குறையும்?” என்று அம்மா கேட்டார். நல்ல கேள்வி. குறைந்தது, அன்று விற்றால் கிடைக்கும் விலை. பத்திரத்தில் எழுதியிருந்த நூறு ரூபாய் அப்படியேதான் இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டியும் தவறாமல் வந்தது. வந்த வட்டி இப்போது ஏழரை சதவீதப் பத்திரங்களில் போய்ச் சேர்ந்தது. விலையை இறக்கிய அதே வட்டி உயர்வு, பிறகு குழியை மெல்ல நிரப்பத் தொடங்கியது. 2024 நடுவில் கணக்கில் ஆறு லட்சத்து எண்பதாயிரம் அளவில் இருந்தது. அந்த ஜூனிலேயே அவசரத்துக்குப் பணத்தை எடுத்திருந்தால் இருபத்தைந்தாயிரம் நிஜமாகவே போயிருக்கும். அதையும் சொல்லிவிட வேண்டும்.

குறுங்கால ஃபண்டில் பிரச்சினை வந்தால் அதன் வடிவமே வேறு. அந்த இரண்டு நிறுவனங்களில் ஒன்று கடனைக் கட்டத் தவறுகிறது என்று வையுங்கள். அதுவரை ஒரு யூனிட்டின் மதிப்பான என்.ஏ.வி.யின் கோடு ஸ்கேல் வைத்து இழுத்தது போல ஏறியிருக்கும். ஒரே நாளில் ஐந்து சதவீதத்தின் பெரும்பகுதி கழிந்துவிடும். ஐந்தில் ஒரு பங்கு மட்டும் பின்னால் வசூலானால் நிரந்தர நஷ்டம் நான்கு சதவீதம். என் கில்ட் விழுந்த அளவும் ஏறக்குறைய அதுதான். ஆனால் இந்த நான்கு சதவீதத்தை நிரப்ப எந்த வட்டி உயர்வும் வராது. மீதி 95 சதவீதம் சம்பாதித்துத்தான் மேலே வர வேண்டும்.

இது கற்பனைப் பயம் அல்ல. 2018 செப்டம்பரில் ஐ.எல்.&எஃப்.எஸ். என்ற உள்கட்டமைப்பு நிதிக் குழுமம் கடனைக் கட்டத் தவறியபோது, மிகக் குறுகிய காலப் பத்திரங்களை வைத்திருப்பதால் மிகப் பாதுகாப்பானவை என்று கருதப்பட்ட சில லிக்விட் ஃபண்டுகளும் அடி வாங்கின. அதற்குச் சில வாரங்கள் முன்புவரை அந்தக் குழுமத்தின் பத்திரங்கள் உயர்ந்த தரத்தில்தான் இருந்தன. 2020 ஏப்ரலில் ஃப்ராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் திட்டங்களை மூடியபோது, ‘அல்ட்ரா ஷார்ட்’ என்று பெயர் கொண்ட திட்டமும் அதில் ஒன்று. அங்கே பணம் பிறகு தவணை தவணையாகத் திரும்பியது. ஆனால் தேவைப்பட்ட நாளில் எடுக்க முடியவில்லை. ஆறு கட்ட மீட்டர் இந்த இரண்டுக்கும் பிறகு வந்தது, பழையதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் மூன்று வகை ஆபத்துகளை ஒரே எண்ணாக்கும் பழக்கம் அதிலும் தொடர்கிறது.

பங்குச் சந்தை ஃபண்டுகளில் இந்தப் பேச்சே எழாது. அங்கே கணக்கு, நிறுவனத்தின் அளவு, அன்றாட விலை ஆட்டம், விற்கும்போது விலை எவ்வளவு நகரும் என்பவை மட்டும்தான். பெரிய நிறுவனத்துக்கு 5, சிறியதற்கு 9. ஐந்தைத் தாண்டிய எதுவும் ‘மிக அதிகம்’. நிஃப்டி குறியீட்டு ஃபண்டும் சிறு நிறுவன ஃபண்டும் ஒரே சிவப்பில் நிற்பது இதனால்தான். அந்த இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்பவருக்கு ஊசியால் எந்தப் பயனும் இல்லை.

கடன் ஃபண்டு வாங்குபவருக்கு வேறொரு துணை உண்டு. 2021 டிசம்பரிலிருந்து ரிஸ்கோமீட்டருக்குப் பக்கத்திலேயே ஒன்பது கட்டங்கள் கொண்ட சதுரம் ஒன்று அச்சாகிறது. எழுத்து, கடன் தரத்துக்கு. ரோமன் எண், வட்டி ஆட்டத்துக்கு. இரண்டையும் கலக்காமல் தனித்தனியாகச் சொல்லும் இடம் இது ஒன்றுதான். என் கில்ட் A-III. அதாவது தரம் முதல் வரிசை, ஆட்டம் கடைசி வரிசை. மைத்துனரின் ஃபண்டு B-I. ஆட்டம் மிகக் குறைவு, தரம் இரண்டாம் வரிசை. ஊசி ஒரு படி வித்தியாசம் என்று முடித்த இடத்தில், சதுரம் இவை இரண்டும் வேறு வேறு திசையில் ஆபத்தானவை என்று காட்டிவிட்டது. இன்னொன்று: ஊசி மாதாமாதம் அன்றைய இருப்பை வைத்துக் கணக்கிடப்படுகிறது, அடுத்த மாதம் நகரலாம். சதுரத்தில் குறித்திருப்பது அந்த ஃபண்டு எதுவரை போக அனுமதி உண்டு என்ற எல்லை. நான் இப்போது முதலில் பார்ப்பது சதுரத்தை, பிறகு அறிக்கையில் எந்தெந்த நிறுவனத்தின் பத்திரங்கள் என்ற பட்டியலை, ஊசியைக் கடைசியாக.

என் அனுபவத்தின் குறையையும் சொல்ல வேண்டும். நான் பார்த்தது ஒரே ஒரு வட்டிச் சுற்று. ஏறியது, பிறகு இறங்கியது. நான்கைந்து ஆண்டுகள் வட்டி விடாமல் ஏறினால் கில்ட் வைத்திருப்பது எப்படி இருக்கும் என்பதை நான் அனுபவித்ததில்லை. மைத்துனரின் ஃபண்டுக்கோ இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை. அந்த இரண்டு நிறுவனங்களும் ஒழுங்காகக் கட்டிவிட்டன; 2022 முழுக்க அவர் நிம்மதியாகத் தூங்கினார், நான் தூங்கவில்லை. அந்தத் தூக்கத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு என்பதை மறுக்கமாட்டேன்.

குறுகிய காலப் பணத்துக்கு நானும் கில்ட்டைத் தொடுவதில்லை. மகளின் கல்லூரிக் கட்டணம் எட்டு மாதத்தில் கட்ட வேண்டியது. அதை A-I கட்டத்தில் உள்ள ஒரு லிக்விட் ஃபண்டில் வைத்திருக்கிறேன். அதன் ஊசி காட்டுவதும் ‘குறைவு முதல் மிதம்’தான், மைத்துனரின் ஃபண்டு நிற்கும் அதே கட்டம்.