தசையா, ஒத்திசைவா?

வணக்கம் சார்,

உங்கள் 9 வயது மகளுக்கு எடைப் பயிற்சி தொடங்கலாமா, இல்லை நீச்சல் அசைவுகளையே இன்னும் திருத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.

எடை தூக்குவது தப்பில்லை. முறையாகச் சொல்லிக்கொடுத்தால் பலம் கூடும். ஆனால் பருவமடைவதற்கு முன் தசை அவ்வளவாகப் பருக்காது. இருக்கிற தசையை நரம்புகள் இன்னும் நன்றாக வேலை வாங்கும், அதனால் வருகிற பலம்தான் அது. அந்தப் பழக்கத்தைத் தண்ணீரிலேயே கொடுத்தால் நேராக நீச்சலுக்குப் போய்ச் சேரும்.

போன மாதம் அவள் 25 மீட்டருக்கு 30 முறை கை வீசினாள். மூச்செடுக்கும்போது தலையை முன்னால் தூக்குவாள், உடனே இடுப்பும் காலும் அமிழ்ந்துவிடும். அப்புறம் தண்ணீர் பிரேக் போட்டதுபோல இழுக்கும். வேகமாகப் போகப் போக அந்த இழுவை இன்னும் கடுமையாகும், கூடுதல் பலமெல்லாம் அதிலேயே கரைந்துபோகும். உடலோடு சேர்த்துத் தலையைப் பக்கவாட்டில் திருப்பப் பழக்கினேன். ஒரு கண் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது 24 வீச்சு, நேரமும் குறைந்திருக்கிறது. கை அதே மெல்லிய கைதான்!

வீச்சு குறைந்து நேரம் கூடினால் மட்டும் சந்தேகப்படுங்கள். அது சும்மா மிதந்து போவது. பருவமடைந்த பிறகு தசைக்கும் பங்கு உண்டு, அப்போது எடைப் பயிற்சி பற்றிப் பேசுவோம்.